வினோதினிக்கு வைத்த ஆரஞ்சு

"அம்மா எந்தெந்தக் கிழமை தரிசனம் தருவாங்க? வெளியூர்லேர்ந்து குடும்பத்தோட வரோம்."

மதிவதனி அந்தக் கமெண்டை மூன்று தடவை படித்தாள். அதன் கீழே ஒருவர் கைகூப்பும் படம் போட்டிருந்தார். இன்னொருவர், "முகத்துல என்ன ஒரு தேஜஸ்!" என்று உருகியிருந்தார். யாருமே சிரிக்கவில்லை.

மதிவதனி திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு பிளெக்ஸ் பேனர் கடையில் டிசைனர். ஊரில் யாருக்குக் காதுகுத்து என்றாலும், யாருக்குப் பதவி கிடைத்தாலும் வாசகம் எழுதுவது அவள்தான். அப்படிப்பட்டவள், உயிர்த்தோழி வினோதினியின் பிறந்தநாளுக்கு இன்ஸ்டாவில் எழுதிய நாலு வரிதான் இந்தப் பாடு படுத்துகிறது.

விஷயம் இதுதான். வினோதினி ஒரு ஸ்கேன் சென்டரில் நைட் டியூட்டி பார்ப்பவள். போன வருடம் டியூட்டி முடிந்த கையோடு மதிவதனியுடன் செங்கம் சாலையில் ஓர் ஆசிரமத்துக்குப் போனாள். தியான மண்டபத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். தலைகூடச் சாயவில்லை. வெளிநாட்டு அம்மா ஒருவர் அதை நிர்விகல்ப சமாதி என்றே நினைத்து, காலைத் தொட்டுக் கும்பிட்டு, மடியில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து இருவரில் யார் கொட்டாவி விட்டாலும் மற்றவள் கேட்பது ஒன்றே ஒன்று: "ஆரஞ்சு வெக்கட்டா?"

இந்த ஆரஞ்சை வாழ்த்தில் வைக்க வேண்டும். அது இரண்டு பேருக்கு மட்டும் புரிந்தால் போதாது, பார்க்கிற எல்லாரும் ரசிக்க வேண்டும். இதற்கு மதிவதனியிடம் ஒரு கணக்கு உண்டு. முதல் வரி யாருக்கும் புரிகிற சிரிப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் இன்ஸ்டாவில் மீதி வரிகள் மடிந்து உள்ளே போய்விடும். அப்புறம் நடந்ததை ஒரே காட்சியாகக் காட்டிவிட வேண்டும். கடைசி வரியில்தான் ரகசிய வார்த்தை. வெளியாள் காட்சிக்குச் சிரிப்பான், தோழி வார்த்தைக்குச் சிரிப்பாள்.

கணக்கு சரிதான். முதலில் எழுதியதும் சரியாகவே இருந்தது:

"நைட் டியூட்டி பார்த்துட்டு தியான மண்டபத்துல உட்கார்ந்தபடியே தூங்கி, வெளிநாட்டு அம்மாவைக் கால்ல விழ வெச்ச ஒரே ஆள்! பிறந்தநாள் வாழ்த்துகள் வினோ. இந்த வருஷம் கூடை கூடையா ஆரஞ்சு கிடைக்கட்டும்."

போடும் முன்பு கை நின்றது. வினோதினிக்குக் கீழ்பென்னாத்தூரில் இடம் அமைந்திருந்தது. வெள்ளிக்கிழமை நிச்சயம். மாப்பிள்ளை கலையரசனும் இதைப் பார்ப்பான், அவன் அம்மாவுக்கும் காட்டுவான். பெண் கண்ட இடத்தில் தூங்குவாள் என்று தெரிந்தால் என்ன ஆகும்? நல்ல மனசோடு 'நைட் டியூட்டி'யையும் 'தூங்கி'யையும் எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் 'கண்ணை மூடினா உலகத்தையே மறந்துடுவா' என்று போட்டாள். படமும் அதற்கேற்றாற்போல்: பின்னால் மலை, வெள்ளைச் சுடிதார், மூடிய கண்கள்.

வெளியாள் பிடித்துக்கொள்ள இருந்த ஒரே கைப்பிடி அந்தத் தூக்கம்தான். அதைப் பிடுங்கிவிட்டு, ஊரே தன்னோடு சேர்ந்து சிரிக்கும் என்று உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் வினோதினியின் போன் வந்தது. 

"ஏண்டி, இன்னாடி எழுதி வெச்ச? கலையரசன் அம்மா எங்கம்மாவுக்கு போன் பண்ணாங்க. நிச்சயத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாம்னு சொல்றாங்க."

"ஏனாம்?"

"பொண்ணு போட்டோ பார்த்தோம், யோசிக்கணும்னாங்களாம். வேற எதுவும் சொல்லல."

மதிவதனி வாழ்த்தை மறுபடி எடுத்துப் படித்தாள். சாமி விஷயத்தைக் கிண்டல் செய்துவிட்டோம், அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது என்று முடிவு கட்டினாள். கும்பிட்ட அம்மாவும் ஆரஞ்சும் பக்தியுள்ளவர்களுக்குக் கேலியாகத்தானே படும்?

உடனே வாழ்த்திலிருந்து கூடையையும் ஆரஞ்சையும் தூக்கினாள். 'அமைதியே உருவானவளுக்கு' என்று திருத்தினாள்.

சாயங்காலம் கைகூப்பும் படங்கள் ஜாஸ்தியாகின. மாப்பிள்ளை வீட்டிலிருந்து சத்தமே இல்லை.

போதாது என்று நினைத்து, எல்லாக் கமெண்டுக்கும் மேலே நிற்கும்படி தானே ஒன்றும் போட்டாள்: "இது கிண்டல் இல்லைங்க. வினோதினிக்குச் சின்ன வயசிலேர்ந்தே தியானத்துல ஈடுபாடு ஜாஸ்தி. ஆடம்பரம், நகை, எதுலயும் ஆசை இல்லாதவ."

அரை மணி நேரத்தில் வினோதினி மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை அழுதுகொண்டே பேசினாள்.

"நிச்சயமே வேணாம்னுட்டாங்கடி. எனக்குக் கலையரசனைப் பிடிச்சிருந்துச்சு. உன்கிட்டதானே மொதல்ல சொன்னேன்?"

மதிவதனி கூனிக் குறுகிப் போனாள். யாருக்காக எழுதினோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். வினோவுக்காகவா? இல்லை. எத்தனை பேர் "செம்ம" என்று போடுவார்கள் என்று பார்க்கத்தான். இரண்டு பேர் தங்களுக்குள் வைத்துச் சிரித்ததைக் கடைவீதியில் கொண்டுபோய்க் கொட்டினோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. வினோவின் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினாள்.

கலையரசன் வீட்டில் அவன் அம்மா பாஞ்சாலை முறத்தில் மணிலாக்கொட்டை புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் கணவர் அப்பாசாமி, யார் வந்தார் என்றுகூடப் பார்க்காமல் அந்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, நான் வினோதினி பிரெண்டு. அந்த போட்டோவுக்கு எழுதினது நான்தான். தப்பு முழுக்க என்னோடது. அவளுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க."

பாஞ்சாலை முறத்தைக் கீழே வைத்தார். "நல்ல பொண்ணுதாம்மா, கொறை சொல்லல. எங்க வீட்டுக்குத் தோதுப்படாது. அவ்ளோதான்."

"சாமி விஷயத்துல கேலி பண்ணிட்டோம்னு நெனச்சுட்டீங்க. மன்னிச்சுடுங்க அத்தை."

"கேலியா? எங்க கேலி? தியானம், வெள்ளைக்காரம்மா கால்ல விழுந்தது, நகை ஆசை இல்லாதது, எல்லாத்தையும் நீதானே எழுதியிருக்க?"

இனி மறைத்துப் பயனில்லை. வினோதினி தன்னைக் கொன்றே போட்டாலும் சரி என்று மதிவதனி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அத்தை, அது தியானமே இல்ல. தூக்கம். ராத்திரி முழுக்க டியூட்டி பார்த்துட்டு உக்காந்த எடத்துலயே தூங்கிட்டா. அவளுக்குத் தியானமும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. லேசாக் குறட்டைகூட விட்டா. நகைன்னா உசுரு. தூங்குனானு எழுதினா நீங்க தப்பா நெனப்பீங்கனு அதை நான்தான் எடுத்துட்டேன்."

 அப்பாசாமியின் கையில் கொட்டை உடைவது நின்றுவிட்டது. மதிவதனிக்கு அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

"நெசமாவே தூக்கமா?" என்றார் பாஞ்சாலை.

"சத்தியமா அத்தை."

"நகை மேல ஆசை இருக்குதா?"

"ரொம்ப."

பாஞ்சாலை நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். பிறகு நாற்காலியில் இருந்த கணவரை ஒரு முறை முறைத்துவிட்டு மதிவதனியின் பக்கம் திரும்பினார்.

"இதை மொதல்லயே எழுதறதுக்கு இன்னாம்மா? தோ, இந்த மனுசன் கல்யாணமான புதுசுல, 'சும்மா கொஞ்ச நேரம் கண்ணை மூடி உக்காந்துட்டு வரேன்'னு திருவண்ணாமலைக்குப் போனவரு, ஏழு வருசம் கழிச்சு தாடியோட வந்தாரு!"