நான் குரூப்பில் போட்ட இரண்டே வார்த்தை

நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதச் சொன்னால் விரலும் ஒட்டிக்கொள்ளும். நான் படித்தது அஞ்சாவது. (அதிலும் கடைசிப் பெஞ்சு.) அப்படிப்பட்டவன் ‘நம்ம சொந்தம்’ வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டு, உயிரோடு இருந்த மாமனாருக்கு மாலை வரவழைத்தேன்.

என் மனைவி சரசுவுக்கு இரண்டு அண்ணன்கள். பெரியவர் வெள்ளகோவில், சின்னவர் பொள்ளாச்சி. ஊர்த் தோட்டத்துக் கிணற்று மோட்டாரை யார் எப்போது ஓட்டுவது என்ற தகராறில் மூன்று வருடமாகப் பேச்சில்லை. மாமனார் பெரியநாயக்கன்பாளையத்தில் எங்களோடுதான் இருந்தார். இருவரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. சரசு ஆறு மாதம் போனில் பேசிப் பேசி, ஞாயிற்றுக்கிழமை கிடா விருந்துக்கு இருவரையும் சம்மதிக்க வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் எதிர்வீட்டு ராமசாமி அண்ணன் காலமாகிவிட்டார். எதிரே துக்கம் இருக்கும்போது நாம் கிடா வெட்டுவது எப்படி? ராமசாமி அண்ணன் மனைவியோடு இருப்பதற்குக் கிளம்பிய சரசு சொல்லிவிட்டுப் போனாள்.

“ஏனுங்க, விருந்தைத் தள்ளி வெச்சிருக்கறோம்னு குரூப்புல பக்குவமாப் போட்டுருங்க. ரெண்டு அண்ணனும் தப்பா எடுத்துக்கப் போறாங்க.”

முதலில் ‘ஞாயிற்றுக்கிழமை யாரும் வராதீர்கள்’ என்று போட்டேன். படித்தால் விரட்டுவது போலிருந்தது. அழித்தேன். குரூப்பில் மெசேஜ் அழிக்கப்பட்டது என்ற வரி மட்டும் நின்றது. பிறகு அரை மணி நேரம் அடிப்பதும் அழிப்பதுமாக இருந்தேன். அவ்வளவு நேரமும் என் பெயருக்குப் பக்கத்தில் ‘டைப்பிங்’ ஓடியதை நாற்பத்து மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கடைசியில், குறைவாக எழுதினால் குறைவாகத்தான் தப்பு வரும் என்று முடிவு செய்து (என்ன புத்தி!) இரண்டே வார்த்தை போட்டேன்.

‘இறப்பு. விருந்தில்லை.’

போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, எதிர்வீட்டுக்கு நாற்காலி இறக்கப் போய்விட்டேன். சரசுவின் போனும் வீட்டில்தான் கிடந்தது. மாமனாரிடம் போன் கிடையாது. கூப்பிட்டவர்களுக்கு யாரும் எடுக்காததே பதிலாகிவிட்டது.

மத்தியானம் சின்னவரின் கார் வந்தது. அதன் பின்னாலேயே பெரியவரின் வேன். எங்கள் தெரு குறுகல்; எதிர்வீட்டுச் சாமியானா எங்கள் கேட்டு வரைக்கும் நீண்டிருந்தது. கேட்டருகே இருவரும் கையில் மாலையோடு எதிரெதிரே நின்றார்கள். பெரியவர் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு, “கண்ணு, நாம சேந்து ஒரு வாய் சாப்பிடறதைப் பாக்காமயே போயிட்டாரேடா” என்று உடைந்து அழுதார். சின்னவர் குனிந்து அண்ணன் காலைப் பிடித்தார்.

எதிர்வீட்டிலிருந்து டீ டம்ளரோடு வந்த மாமனார் அவர்களுக்குப் பின்னால் நின்றார்.

“ஆருக்குடா இத்தனை பெரிய மாலை?”

நான் தலையில் இரண்டு நாற்காலிகளோடு அப்படியே நின்றேன். இறக்கினால் முகம் தெரியும்.

சத்தம் கேட்டு வந்த சரசு என்னைத் திட்டவில்லை. ஒரு பார்வைதான். பிறகு அண்ணன்களிடம் மெதுவாகச் சொன்னாள்: “கொண்டாந்த மாலையைத் திருப்பி எடுத்துட்டுப் போகக் கூடாதுங்கண்ணா. ராமசாமி அண்ணனும் நமக்கு வேண்டப்பட்டவர்தான். வாங்க, ரெண்டு பேரும் சேந்து போடுங்க.” போட்டார்கள். அந்த வீட்டார், அவ்வளவு தூரத்திலிருந்து வந்தார்களே என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். மயானம் வரை போய்வந்து, எங்கள் வீட்டுப் பின்புறம் இருவரும் ஒரே தொட்டியில் தண்ணீர் மொண்டு குளித்தார்கள்.

சாயங்காலம் சரசு போனை எடுத்தாள். குரூப்பில் எழுபது கும்பிடு. ஒருத்தர் ஏதோ கல்யாண வீட்டில் எடுத்த மாமனாரின் படத்தை வெட்டி, பக்கத்தில் விளக்கு ஏற்றிப் போட்டிருந்தார். மாமனார் வாங்கிப் பார்த்துவிட்டு, “படம் நல்லாத்தான் இருக்குது. எடுத்து வெச்சுக்கங்க மாப்ள, அப்பறம் தேட வேண்டியதில்ல” என்றார்.

சரசு ஒரே மூச்சில் அடித்தாள்:

‘எல்லாருக்கும் வணக்கமுங்க. அப்பா நல்லா இருக்காருங்க, நாங்களும் நல்லா இருக்கறோம். எதிர்வீட்டு ராமசாமி அண்ணன் இன்னைக்குக் காலைல தவறிட்டாருங்க. அதனால ஞாயித்துக்கிழமை விருந்தைத் தள்ளி வெச்சிருக்கறோம், நிறுத்தலீங்க. அங்க காரியம் முடிஞ்சதும் நாள் பாத்து ஒவ்வொருத்தருக்கும் நானே போன் பண்றனுங்க. லீவு சொன்னவங்க, வண்டி பேசுனவங்க மன்னிச்சுக்கோணுமுங்க.’

படித்துவிட்டு அசந்துபோனேன். நல்லா இருப்பவர்களை முதலில் சொல்லி, போனவரை அப்புறம் சொல்கிறாள். தள்ளிவைத்தது வேறு, நிறுத்தியது வேறு என்பதையும் விடவில்லை. அடுத்த அழைப்புக்குத் தன்னையே பொறுப்பாக்கிவிட்டாள். இதில் கோபித்துக்கொள்ள யாருக்கும் இடமே இல்லை. அவளும் என்னோடு அஞ்சாவதுதான் படித்தாள். (முதல் பெஞ்சு.)

அடுத்த மாதம் விருந்து நடந்தது. மாமனார் இரண்டு மகன்களுக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

இன்றைக்கும் குரூப்பில் என் பெயருக்குப் பக்கத்தில் ‘டைப்பிங்’ என்று வந்தால் போதும், பெரியவர் உடனே சின்னவருக்குப் போன் போடுகிறார்.

“கண்ணு, மாப்ள எழுதறாரு. அவசரப்பட்டு மாலை வாங்கிப்போடாத.”