கறுப்புப் பேனா ஒன்று மட்டும்

"வட்டத்தை முழுசா கறுப்பாக்கணும். பாதி விட்டா மிஷின் எடுக்காது. கறுப்பு பால்பாயிண்ட் பேனா மட்டும்தான்" என்றார் தேர்வு அறைக் கண்காணிப்பாளர் மெர்சி மேடம்.

ஹேமந்தின் கையிலும் கறுப்பு பால்பாயிண்ட் பேனாதான் இருந்தது. ஆனால் அது சாயங்காலத்துக்குள் எழுத்தெல்லாம் மறைந்துபோகும் பேனா. அவனுடைய பயம் முழுவதும் அதன் நுனியில்தான் உட்கார்ந்திருந்தது.

பேனாவைக் கொடுத்தவர் ஒரகடம் கம்பெனியில் அவனுடைய லைனைப் பார்த்துக்கொள்ளும் காண்டிராக்ட் சூப்பர்வைசர் இசக்கியப்பன். ஊர் திருநெல்வேலிப் பக்கம்.

"எலேய், நீ சும்மா எதையாவது கறுப்பாக்கிட்டு வா. மை பறந்துரும். தாளு வண்டியில போகையில நம்ம ஆளு சரியான விடையைப் போட்ருவான். வேற பேனா கொண்டு போயிராத, கை மாறி அதுல எழுதிருவ" என்று சொல்லி, ஹேமந்தின் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகளை வாங்கித் தன் பீரோவில் வைத்துக்கொண்டார்.

ஹேமந்த் கெட்டவன் இல்லை. பதினோரு மாதம் வேலை, பிறகு ஒரு பிரேக், மறுபடி புது ஆள் போலச் சேர்க்கை. இப்படியே நான்கு வருடம் ஓட்டியவன். அரசு வேலைக்கு இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் ஒன்றிரண்டு கேள்வியில் கோட்டை விட்டவன். மனைவி அலமுவோ, "எங்க அப்பா வரும்போதெல்லாம் பர்மனெண்ட் ஆச்சா, பர்மனெண்ட் ஆச்சான்னு கேட்டுகினு இருக்காரு. நான் இன்னா சொல்றது?" என்பாள். இதையெல்லாம் கேட்டுக்கேட்டு மனசு நைந்துபோனவனுக்கு யாராவது குறுக்குவழியைக் காட்டினால், அது நெடுஞ்சாலை மாதிரித்தான் தெரியும்.

மோசடி செய்தால் ஜெயில், வாழ்நாள் தடை என்று தேர்வு மைய வாசலில் ஒட்டியிருந்ததை அவன் சிகரெட் அட்டைப் படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு வந்திருந்தான். அதெல்லாம் மாட்டுகிறவனுக்குத்தானே?

மெர்சி மேடம் தொடர்ந்தார். "பக்கத்துல பாக்காதீங்க, பிரயோஜனம் இல்ல. ஒவ்வொருத்தருக்கும் கேள்வி வரிசை வேற. தெரியாத கேள்வியைச் சும்மா விடக்கூடாது, அஞ்சாவது வட்டம் 'ஈ'யை நிரப்பணும். கடைசியில ஏ எத்தனை, பி எத்தனைன்னு எண்ணி, அந்த எண்ணிக்கையையும் நிரப்பி, இடது கட்டைவிரல் ரேகை வைக்கணும். அப்புறம் உங்க முன்னாடியே கட்டி சீல் வைப்போம். வண்டியிலயும் கேமரா இருக்கு."

ஜெயிலுக்குப் பயப்படாத ஹேமந்தை 'எண்ணிக்கை' பயமுறுத்தியது. மை பறந்தால் எண்ணிக்கையும் பறக்குமே! சீலை உடைத்து, கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, இசக்கியப்பனின் ஆள் எதை நிரப்புவான்? வெறும் தாள்தான் போய்ச் சேரும். வெள்ளைத்தாள் ஒன்று வந்தால் முதலில் யாரைத் தூக்குவார்கள்?

வினாத்தொகுப்பைப் பிரித்தான். முதல் கேள்வி தெரிந்தது. இரண்டாவதும் தெரிந்தது. கம்பெனி பஸ்ஸில் தூங்காமல் படித்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றது. பக்கத்தைப் புரட்டப் புரட்ட அழுகை வந்தது. ஐயோ, சொந்தமாகவே பாஸாகிவிடலாம் போலிருக்கிறதே! பேனா மட்டும் ஒழுங்காக இருந்தால்.

கையைத் தூக்கினான். "மேடம், பேனா எழுதல. வேற பேனா தர்றீங்களா?"

"எங்க, குடு."

வாங்கியவர் அவனுடைய விடைத்தாளில் கண்காணிப்பாளர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பளிச்சென்று விழுந்தது.

"நல்லாத்தானப்பா எழுதுது. என் பேனாவைவிட ஷோக்கா கீது" என்றவர், அதே பேனாவோடு அடுத்த மேசைக்குப் போனார். அடுத்ததற்கும் போனார். அறையில் இருந்த இருபது பேரின் விடைத்தாளிலும் ஆசையாகக் கையெழுத்திட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

இதுவரை ஹேமந்த் ஒருவன்தான் குற்றவாளி. இப்போது சாயங்காலம் இருபது தாள்களில் கண்காணிப்பாளர் கையெழுத்து காணாமல் போகும். இருபது பேரின் பிழைப்பு, மெர்சி மேடத்தின் வேலை, எல்லாம் அவன் கணக்கில்.

முதலில் இந்தச் சனியனை ஒழிக்க வேண்டும் என்று முடிவு செய்தான். யோசிப்பதுபோல் பேனாவை வாயில் வைத்து, நுனியை நறுக்கென்று கடித்தான். நுனி உடைந்தது. கூடவே மை பீச்சி அடித்தது. நாக்கு, உதடு, சட்டைப் பாக்கெட் எல்லாம் கறுப்பு.

சரியாக அந்த நேரம் பார்த்துப் பறக்கும் படை உள்ளே வந்தது.

"யாருய்யா அவன், வாயில இன்னா? பிட்டை முழுங்கிட்டியா?" என்று பாய்ந்தார் அதிகாரி.

"இல்ல சார், பேனா சார்..."

"பேனாவை எவனாவது துன்னுவானா? வாயைத் தொற! நாக்கைத் தூக்கு!"

டார்ச் அடித்தார்கள். கன்னத்தைப் பிதுக்கினார்கள். பேண்ட் மடிப்பு, சட்டைக் காலர், காது வரை தடவினார்கள். ஹேமந்த் வாயைப் பிளந்தபடி, குலதெய்வத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் நரசிம்மர் வரை எல்லோரையும் கூப்பிட்டான். உடைந்த பேனாவை அதிகாரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"சீ, டென்ஷன்ல கடிச்சிட்டான் போல" என்று அதைக் குப்பைக்கூடையில் போட்டார் அதிகாரி. "மேடம், இவனுக்கு ஒரு பேனா குடுங்க."

மெர்சி மேடம் கைப்பையைத் துழாவினார். இருந்தது நீலப் பேனா. "இரு தம்பி" என்று வெளியே போனவர், வராந்தாவில் போலீஸ்காரர் உட்காரும் மேசையிலிருந்து ஒரு கறுப்புப் பேனாவோடு வந்தார்.

"இந்தா. இதையாவது துன்னாம எழுது."

அந்தப் பேனாவைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கினான் ஹேமந்த். எழுதினான். தெரிந்ததைத் தெரிந்தபடி, தெரியாததற்கு ஈ. எண்ணினான், இன்னொரு முறை எண்ணினான், நிரப்பினான், ரேகை வைத்தான். மூன்றாவது தடவையாக எழுதும் இந்தத் தேர்வில் நிச்சயம் தேறிவிடுவான் என்று அவனுக்கே தெரிந்தது. இசக்கியப்பன் முகத்தில் விழிக்காமல் சர்ட்டிபிகேட்டை எப்படி வாங்குவது என்பதுதான் மிச்சக் கவலை.

குழாயில் வாய் கழுவும்போது சட்டைப் பாக்கெட்டைப் பார்த்தான். கறுப்புக் கறை சாம்பல் நிறமாகி, ஓரங்களில் மறைந்துகொண்டிருந்தது. அப்படியானால் மை பறப்பது நிஜம்தான்! நல்லவேளை, அதில் ஒரு வட்டம்கூடப் போடவில்லை. தப்பித்தோம்.

ஆனால் அந்த இருபது கையெழுத்து?

கேட்டைத் தாண்டி, ஷேர் ஆட்டோவில் காலை வைத்தவனால் ஏற முடியவில்லை. உள்ளே ஓடினான். மெர்சி மேடம் வராந்தாவில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், என் பேனால கையெழுத்து போட்டீங்கல்ல, அதையெல்லாம் திரும்பப் போட்டுருங்க மேடம். அந்தப் பேனா சரியில்ல. அது... அழிஞ்சிரும் மேடம். தப்பு என்னுதுதான். நீங்க எனக்கு நல்ல பேனா குடுத்தீங்க, உங்களை மாட்டிவிட மனசு வரல."

மெர்சி மேடத்தின் கையிலிருந்த பாட்டில் சாய்ந்தது. "இன்னாப்பா சொல்ற? கட்டு சீல் வெச்சாச்சே!"

விடைத்தாள் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனது. அதே நேரம், காலையில் எல்லோரையும் சோதித்து அனுப்பிய ஏட்டு தேவராஜன் தன் மேசைக்கு அடியில் குனிந்து எதையோ தேடிவிட்டு இவர்களிடம் வந்தார்.

"மேடம், காலையில ஒரு பையன் பயந்துபோய் அவனாவே எங்கிட்ட ஒப்படைச்சான், எழுத்து தானா அழியற பேனாவாம். கேஸுக்கு வேணும்னு மேசை மேல வெச்சிருந்தேன், நீங்க எடுத்தீங்களா?"