பளபள அட்டையும் ஒன்பது பெரியப்பாக்களும்

என் அருமைத் தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம், அங்கே உன் மனைவி மக்கள் சௌக்கியமா என்று முறைப்படி ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நீ அச்சடித்து அனுப்பிய நானூறு அட்டைகளில் மிச்சம் இந்த மேஜைமேலேயே கிடந்து என்னைப் பார்த்துப் பளபளக்கின்றன. எனவே சௌக்கியத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

நீ பாட்டுக்கு முகூர்த்தம் முடிந்ததும் "அச்சகத்துல அவசர வேலை அண்ணா" என்று கையலம்பிவிட்டு ஓடிவிட்டாய். அதற்குப் பிறகு நடந்த கூத்து உனக்குத் தெரியாது, தெரியவேண்டும். உன் அண்ணன் மகள் தன் கல்யாணத்துக்கு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்பா, வர்றவங்க எல்லாரும் ஆளுக்கொரு அட்டையில எங்களுக்கு ஏதாவது எழுதித் தரணும். அதை ஒரு பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போறேன். நாங்க குடிபோற ஊர்ல ஒரு முகம் தெரியாது. தனியா உக்கார்ந்திருக்கும்போது எடுத்துப் படிச்சு சிரிக்கணும். கேள்வியை நீங்களே எழுதிக் குடுங்க, உங்க வேலைதானே அது" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் விண்ணப்பப் படிவம் தயாரித்தவன் நான். என்னைக் கேட்காமல் யாரைக் கேட்பாள்?

நான் எழுதித் தந்ததை நீயே அச்சுக்கோத்தாய், மறந்திருக்க மாட்டாய். ஒன்று, பெயர் (தெளிவான எழுத்தில்). இரண்டு, மணமக்களுடன் உறவு. மூன்று, இல்லற வாழ்வு குறித்துத் தங்கள் ஆலோசனை. நான்கு, பிற கருத்துகள் ஏதேனும் இருப்பின். பொருந்தாதவற்றை அடித்துவிடவும். கையொப்பம், தேதி. "அண்ணா, இது கல்யாணத்துக்குத்தானே?" என்று ஒரு வார்த்தை நீ கேட்டிருக்கக் கூடாதா? அதைக் கேட்கவில்லை. கேட்காமல் மேலே பிளாஸ்டிக் பூச்சு வேறு பூசினாய். "விசேஷம்னா பளபளன்னு இருக்கணும் அண்ணா" என்றாய். இருந்தது. பேனா நிற்கவில்லை. பந்துமுனைப் பேனா வழுக்கியது, ஜெல் பேனா ஈஷியது. என் பழைய மேலாளர் வெள்ளைச் சட்டையின் வலது கை முழுக்க நீலமாக வீட்டுக்குப் போனார். அதுவும் நுழைவாசலிலேயே மேஜையைப் போட்டிருந்தேனா, ஒரு கையில் பரிசுப் பொட்டலம், ஒரு கையில் குழந்தை, மூன்றாவது கைக்கு எங்கே போவார்கள்? ஒருவர் பூர்த்தி செய்த அட்டையை ஆட்டிக்கொண்டே "இதை எந்த கவுன்டர்ல குடுக்கணும் சார்?" என்று மண்டபம் முழுக்கச் சுற்றினார். இன்னொருவர் நகல் கேட்டார்.

இதில் நான் செய்த புத்திசாலித்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் உன் அண்ணி சொல்லத்தான் போகிறாள். எந்தப் படிவத்துக்கும் பூர்த்தி செய்த மாதிரி ஒன்று வைப்பது எங்கள் அலுவலக வழக்கம். அதன்படி நானே ஓர் அட்டையை நிரப்பி, சட்டம் போட்டு மேஜைமேல் நிறுத்தினேன். உறவு: பெரியப்பா, சும்மா மாதிரிக்கு ஒரு கற்பனை உறவு. ஆலோசனை: ஒருவரையொருவர் புரிந்துகொண்டு விட்டுக்கொடுத்து வாழவும். மத்தியானம் பெட்டியைத் திறந்தோம். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு அட்டை. அதில் எண்பத்தேழு பேர் ஒருவரையொருவர் புரிந்துகொண்டு விட்டுக்கொடுத்து வாழவும். ஒரு எழுத்து மாறவில்லை! பதினாறு பேர் வெறும் வாழ்த்துகள். மீதி ஈஷல். ஒன்பது பேர் உறவு என்ற இடத்திலும் பார்த்து எழுதியிருக்கிறார்கள், பெரியப்பா என்று. நம் வீட்டில் மூத்தவன் நான், உன் அண்ணிக்கு அக்காளும் கிடையாது, என் மகளுக்குப் பெரியப்பா என்ற ஜந்துவே உலகத்தில் இல்லை. ஒரே காலையில் ஒன்பது பேர் வந்துவிட்டார்கள். அதில் இரண்டு பேர் பெண்கள்.

நான் சிரித்துச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கல்யாண அலங்காரத்தோடு அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "இத்தனை பேர் வந்து ஒரே வார்த்தையைச் சொல்லிட்டுப் போயிருக்காங்கப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை, மை கலைந்துவிடும் என்று அடக்கிக்கொண்டாள். முப்பத்தொரு வருஷமும் வீண் என்று தோன்றிவிட்டது.

அப்போதுதான் சம்பந்தியம்மா உள்ளே வந்தார், மாப்பிள்ளையின் அம்மா. ஆஸ்பத்திரியில் புறநோயாளிப் பிரிவில் நர்ஸ், உனக்குத் தெரியும். அட்டையை வாங்கிப் பார்த்தார். "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. வலி இருக்கான்னு கேட்டா எல்லாரும் இல்லைம்பாங்க. எந்தப் பக்கம் படுத்தா வலிக்குதுன்னு கேளுங்க, எழுந்து உக்கார்ந்து அரைமணி நேரம் சொல்வாங்க. ஆலோசனை கேட்டா ஆலோசனைதான் வரும். அவங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு கேளுங்க, ஆலோசனை தானா அதுக்குள்ள இருக்கும்" என்றார். படிவத்தைப் பற்றி எனக்கே பாடம்! கடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் வரவேற்பு ஆறு மணிக்கு, மணி மூன்று ஆகிவிட்டது. கடுப்புக்கு நேரமில்லை.

அட்டையைத் திருப்பிப் பார்த்தோம். பின்பக்கம் நீ பூச்சுப் பூச மறந்திருக்கிறாய், அந்த ஒரு மறதிக்காக நீ நூறு வருஷம் இருக்கவேண்டும். மணமகள் அறையில் இஸ்திரி மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, நான், உன் அண்ணி, சம்பந்தியம்மா மூவரும் ஆளுக்கு ஐம்பது அட்டை கையாலேயே எழுதினோம். ஒரு அட்டைக்கு ஒரே கேள்வி, பதிலுக்கு நாலே வரி இடம், அதற்குமேல் விட்டால் மிரண்டுபோய் வாழ்த்துகள் என்று போட்டுவிடுவார்களாம். பெயர் இஷ்டமிருந்தால் போடலாம். மாதிரி கூடவே கூடாது. மொத்தம் ஏழு கேள்வி, அட்டைகளைக் கலைத்து அடுக்கவேண்டும், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுத முடியாது. நான், "கல்யாணம் செய்துகொண்டதற்காக வருந்தியது உண்டா, ஆம் அல்லது இல்லை" என்று ஒன்று போடலாம் என்றேன். "ஆம் இல்லைன்னு கேட்டா கதை அங்கேயே முடிஞ்சுடும்ணா. அதுவும் பொண்டாட்டி பக்கத்துல உக்கார்ந்திருக்கும்போது எவன் ஆம்னு போடுவான்?" என்றார் சம்பந்தியம்மா. குழந்தை எப்போது, வீட்டில் யார் ராஜ்யம் என்பதெல்லாம் கேட்கவே கூடாதாம், கேட்பவருக்கு வேடிக்கை, வாசிப்பவருக்கு முள். உன் அண்ணி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியதை நீ பார்த்திருக்கவேண்டும். நான் சொல்லி ஒருநாள் ஆட்டியதில்லை.

வாசல் மேஜையைத் தூக்கிவிட்டு, சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே இடத்துக்காகக் காத்திருக்கும் நாற்காலிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு அட்டையும் பேனாவும் வைத்தோம். சாப்பிட்ட பிறகு கொடுத்தால் கை ஈரம், மனம் வீட்டில். பசியோடு காத்திருப்பவனுக்கோ வேறு வேலை இல்லை. எழுதினார்கள் தம்பி! தலை நிமிராமல் எழுதினார்கள். "ஒரு வீட்டில் இரண்டாக இருக்கவேண்டிய பொருள் எது, ஏன்?" என்பதற்கு ஒரு அம்மாள், "போர்வை. காரணம் இதோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவர் உருளுவார்." "முதல் வருஷத்தில் நீங்கள் போட்ட மிக அற்பமான சண்டை?" என்பதற்கு ஒரு பேருந்து ஓட்டுநர், "ஜன்னல் திறப்பதா மூடுவதா. நாலு நாள் பேசவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவளுக்குக் காற்று பிரச்சினை இல்லை, தெரு நாய்ச் சத்தம். கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்." "கோபத்தில் ஒருபோதும் ஆரம்பிக்கக் கூடாத வாக்கியம்?" என்பதற்கு ஏழு பேர் சொல்லிவைத்த மாதிரி "உங்க வீட்டு ஆளுங்க" என்று எழுதினார்கள், இந்த முறை யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்குத் தனிக் கேள்வி, அப்பா அம்மா சண்டையை எப்படி நிறுத்துவது என்று. "வாந்தி வருதுன்னு சொல்லணும். உண்மையா வரவேண்டாம்." கல்யாணமாகாதவர், துணையை இழந்தவர் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: ஒரு சாதாரண நாளில் யாராவது உங்களுக்குச் செய்த சின்னக் காரியம் எது? நம் எதிர்வீட்டுத் தையல்கார அம்மா எழுதியிருந்தார்: "எனக்குக் கண் மங்கின பிறகு, அவர் வேலைக்குப் போகுமுன் பத்து ஊசியில் நூல் கோத்து வைத்துவிட்டுப் போவார்." என் பழைய மேலாளர் மட்டும் வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்து, முன்பக்கப் படிவத்தையும் மறுபடி பூர்த்தி செய்து கையெழுத்திட்டுத் தேதி போட்டார்.

சரி, எல்லாம் சுபம்தானே என்பாய். கேள். மறுநாள் காலைச் சாப்பாட்டு மேஜையில், மாப்பிள்ளை, சம்பந்திகள் எல்லோரும் இருக்கும்போது, மகள் அட்டைகளை உரக்கப் படிக்கிறாள். "சண்டைக்குப் பிறகு சமாதானத்துக்கு முதலில் வருவது யார், எப்படி?" பதில்: "அவர் வரமாட்டார், பேசவும் மாட்டார். ஆனால் மறுநாள் காலையில் என் மூக்குக்கண்ணாடி பளிச்சென்று துடைத்து மேஜைமேல் இருக்கும். இருபத்தெட்டு வருஷமாகக் கவனிக்காத மாதிரி இருக்கிறேன்." பெயர் இல்லை. பெயர் எதற்கு? மளிகைச் சீட்டில் தினம் பார்க்கும் கையெழுத்து. கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்தது. "அழுக்கா இருந்துச்சு, துடைச்சேன்" என்றேன். யாரும் நம்பவில்லை. மாப்பிள்ளை என் சட்டைப்பையிலிருக்கும் துணியையே பார்க்கிறார். முந்தாநாள் பெட்டி கட்டுவதில் எனக்கும் உன் அண்ணிக்கும் ஒரு சண்டை. நேற்று காலையில் கண்ணாடி விரல்ரேகையோடு மேஜைமேல் கிடக்கிறது, வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறது. எப்படித் துடைப்பேன்? துடைக்கவில்லை. மத்தியானம் அவளே அதை எடுத்து வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

இதோடு விட்டார்களா? மகள் பெட்டியிலிருந்த அட்டைகளை எண்ணிவிட்டு, "உங்க அட்டை எங்கேப்பா?" என்கிறாள். கேள்வி எழுதினவன் பதில் எழுதுவதில்லை, அது முறையல்ல என்றேன். ஒரு வெற்று அட்டையின் பின்பக்கத்தில் அவளே எழுதி என் மேஜையில் வைத்துவிட்டாள்: "அப்பா எனக்கு இதுவரை சொல்லாமல் விட்டது..." கீழே நாலு கோடு. புதன்கிழமை கிளம்புகிறாள், அதற்குள் பெட்டிக்கு வந்தாகவேண்டுமாம். நாலு நாளாக அது என்னையே பார்க்கிறது. நாலு வரியில் என்னத்தைச் சொல்வது? புரிந்துகொண்டு விட்டுக்கொடுத்து என்று போட்டால் அடிக்கவே வருவாள். "பொருந்தாது" என்று எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன். ஆகவே தம்பி, இது உத்தரவு: இனி என் ஆயுசுக்கும் அட்டை, கேள்வி, பெட்டி என்று எதையும் என் வீட்டுப் பக்கம் அனுப்பாதே. உன் பையன் கல்யாணத்துக்கும் நான் கேள்வி எழுதமாட்டேன், பதிலும் எழுதமாட்டேன்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். எல்லோரும் நோய் நொடியில்லாமல், பூச்சில்லாத காகிதம்போல் எதையும் ஏற்றுக்கொண்டு நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன்மேல் மிகுந்த கோபத்திலிருக்கும்
அண்ணன்

பி.கு: கடிதத்தை ஒட்டுமுன் "பொருந்தாது" என்று எழுத அந்த அட்டையை எடுத்தேன். நாலு வரி முடிந்துவிட்டது, ஓரங்களும் முடிந்துவிட்டன, திருப்பினால் உன் பளபளப்பில் பேனா வழுக்குகிறது. அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிப் படிவத்தில் "குழந்தையுடன் உறவு" என்ற இடத்தில் அப்பா என்று எழுத முடியாமல், கண்ணீர் கண்ணை மறைத்து, மூன்று படிவத்தைக் கெடுத்தேனே, அதுவரைக்கும்தான் வந்திருக்கிறேன். இன்னும் அவள் நடக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. மிச்ச அட்டைகள் மேஜைமேல் இருக்கத்தான் இருக்கின்றன, ஆனால் மறுபக்கம் "பொருந்தாதவற்றை அடித்துவிடவும்" என்று இருக்கும் அட்டையில் இதை எழுத மனமில்லை. உடனே இருபது அட்டை அனுப்பு. பூச்சு வேண்டாம், கோடு வேண்டாம், கேள்வியும் வேண்டாம். செவ்வாய்க்குள் வந்தாகவேண்டும்.