காணோம் உன்னை

"எங்க பாட்டைத் திருப்பிக் கொடுங்க."

நெடுவான நாட்டின் அரண்மனையில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஒருமுறை கொடுத்ததை மட்டும் திருப்பிக் கேட்கக் கூடாது. வாசலிலேயே அம்மா சொல்லியிருந்தாள்: "மனுவைக் கொடு, கும்பிடு, வந்துடு. திருப்பிக் கொடுன்னு மட்டும் வாயைத் திறந்துடாதடி." வீட்டின் முதல் பட்டதாரியான நிறைமதி, அவையில் அமைச்சர் விழுப்பரையர் முன்னால் போய் நின்றதும் முதலில் கேட்டது அதைத்தான்.

அந்த நாட்டு அரசரை ஏழு ஆண்டுகளாக யாரும் பார்த்ததில்லை. வெள்ளத்துக்கும் வரவில்லை, வறட்சிக்கும் வரவில்லை. ஆணைகள் மட்டும் நாள் தவறாமல் வந்தன. அங்கே அரசருக்கும் தேர்தல் உண்டு, ஒருவர்தான் நிற்பார். அது நெருங்கியபோது அவைப் புலவர்கள் திணறிப்போனார்கள். அவர்களுக்குத் தோளையும் முடியையும் பாடத் தெரியும். கண்ணிலேயே படாத ஒருவரை எப்படிப் பாடுவது?

எல்லாப் பாடல்களையும் அரசிடம் பதிய வேண்டும் என்று முதல் ஆணை வந்தது. அப்படித்தான் நிறைமதியின் பாட்டு அவர்கள் கையில் சிக்கியது.

அவள் வெறுங்கூடத்தார் மரபில் வந்தவள். அவர்கள் உருவம் வைத்துக் கும்பிடுவதில்லை. கூடத்தில் ஒரு விளக்குகூடக் கிடையாது. கும்பிடும் திசை என்று ஒன்று வந்துவிடக் கூடாதென்று வட்டமாக உட்கார்வார்கள். பாட்டு ஒன்றுதான் வழிபாடு.

அந்தப் பாட்டை எழுதுவது லேசில்லை. 'பாதம்' என்றால் கால் முளைத்துவிடும். 'பார்க்கிறாய்' என்றால் கண் வந்துவிடும். 'அவன்' என்றால் மீசை, 'அவள்' என்றால் சேலை. ஆகவே வெறும் 'நீ'. உவமை சொல்லலாம், ஆனால் மூச்சு முடிவதற்குள் அதை உடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதுவே சிலையாக நின்றுவிடும். கடைசி அடி, 'நீ எப்படி இருப்பாய்' என்று சொல்லாமல், 'எனக்கு என்ன ஆயிற்று' என்று மட்டும் சொல்லி முடிய வேண்டும்.

எழுதியதைக் கூடத்தில் கண்ணை மூடி மூன்று முறை பாடுவார்கள். யாருக்காவது ஏதாவது தெரிந்தால் கையைத் தூக்க வேண்டும். முதல் இரண்டு முறை கை எழுந்தால் அந்த அடி போகும். மூன்றாம் முறை எழுந்தால் பாட்டே போகும். நிறைமதி முதலில் 'தாயே' என்றுதான் எழுதியிருந்தாள். தச்சர் ஏகம்பர் கையைத் தூக்கிவிட்டார். "எங்கம்மா வந்துட்டா தாயி, மூக்குத்தியோட." பதினோரு மாதம் அடித்து அடித்து எழுதி, நின்றது இது:

தண்ணீர் என்றேன், கரையில்லை உனக்கு;
தீபம் என்றேன், திரியில்லை உனக்கு;
காணோம் உன்னை, காணோம் உன்னை,
நனைந்து நிற்கிறேன் நான்.

இரண்டாம் ஆணை: இதுவே இனி அரச வாழ்த்து, குடிமக்கள் தினமும் அரண்மனையைப் பார்த்து நின்று பாட வேண்டும். மூன்றாம் ஆணை: இதை அரசரைத் தவிர வேறு எவரை நினைத்துப் பாடினாலும் ராஜதுரோகம். வெறுங்கூடத்துக்குப் பூட்டு விழுந்தது.

"மன்னரின் மாட்சியை இத்தனை துல்லியமாக எவரும் பாடியதில்லை, பெண்ணே," என்றார் விழுப்பரையர்.

"இது மன்னரைப் பத்தின பாட்டு இல்லீங்க."

"அரசிதழில் வெளியாகிவிட்டது."

"கரையில்லாத தண்ணின்னா, போன வருஷத்து வெள்ளத்தைச் சொல்றீங்களா?"

செயலர் பூமிநாதர் இருமினார். அமைச்சர் தாளை நீட்டினார். "பாட்டில் வரும் 'நீ' மன்னரே என்று கையெழுத்திடு. உங்கள் கூடம் இன்றே திறக்கும்."

நிறைமதி பேனாவை எடுக்கவில்லை. "எங்க வழக்கப்படி மூணு தடவை பாடிப் பார்க்கணும். எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. ஏதாவது தெரிஞ்சா கையைத் தூக்குங்க."

அவை உற்சாகமாகக் கண்ணை மூடியது. முதல் முறை ஒரு கையும் எழவில்லை. இரண்டாம் முறை எல்லாருக்கும் வியர்த்தது: மன்னரின் பாட்டில் மன்னர் தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம்? மூன்றாம் முறை பூமிநாதரின் கை விறுவிறுவென்று எழுந்தது.

"கண்டேன், திருமுகம். தாடியோடு."

"தாடி கிடையாது," என்றார் படைத்தலைவர், இரண்டு கையையும் தூக்கியபடி. "வழித்த முகம்."

எல்லாரும் அமைச்சரைப் பார்த்தார்கள். அவருக்கும் நினைவில்லை. ஆனாலும் அவர் கைதான் எல்லாக் கைகளையும்விட உயரத்தில் இருந்தது.

பாட்டு முடிவதற்குள்ளேயே நிறைமதி முடிவெடுத்துவிட்டாள்.

"அப்ப சரி. உருவம் தெரிஞ்சுட்ட பாட்டை எங்க ஆளுங்க பாட மாட்டாங்க. நீங்களே வச்சுக்குங்க."

"கூடம் பூட்டியே கிடக்கும்," என்றார் விழுப்பரையர்.

"கிடக்கட்டும். வட்டமா உட்கார எங்களுக்குத் தரை போதும். நான் வேற எழுதிக்கறேன்."

வாசல் காவலாளி கதவைத் திறந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நானும் கண்ணை மூடினேம்மா. எனக்கு ஒண்ணும் தெரியலை."

"பௌர்ணமிக்கு ஆத்து மணலுக்கு வாங்கண்ணே," என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

"கேட்டுட்டியாடி?" என்றாள் அம்மா.

"கேட்டேன். வா, போகலாம்."

வற்றிய தண்ணீர்த் தொட்டியருகே காலிக் குடங்களோடு பெண்கள் வரிசையில் நின்று, ஆணைப்படி அரண்மனையைப் பார்த்து உரக்கப் பாடிக்கொண்டிருந்தார்கள். 'காணோம் உன்னை, காணோம் உன்னை' வரை வந்து மறுபடி அங்கேயே திரும்பினார்கள். குரல் ஏறிக்கொண்டே போனது.

கடைசி அடியை யாரும் பாடவில்லை. அங்கே யாரும் நனைந்திருக்கவில்லை.