பெரியப்பாவின் சிரிப்பு

மரியாதைக்குரிய பெரியப்பாவுக்கு,

தாத்தாவை ஏழு வருஷம் பட்டினி போட்டவர் நீங்கள். நலம், நலமறிய ஆவல்.

“இந்த வயசுல பல்லு எதுக்கு?” என்று நீங்கள் சொன்னதாக அப்பா சொன்னார். அதோடு பேச்சு முடிந்தது. கிழவர்களுக்கு வாய் இருப்பது மாத்திரை விழுங்க மட்டும்தான் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டீர்கள். பல்லெல்லாம் விழுந்து, கரைத்ததையும் குழைத்ததையும் குடித்தே தாத்தா பாதியாகிப் போனார். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். பல் டாக்டர் ஈறுக்கு அச்சு எடுத்தார், மெழுகைக் கடிக்க வைத்துத் தாடையின் உயரத்தைக் குறித்தார், பிறகு “பழைய பல்லு எப்படி இருந்துச்சு? படம் இருக்கா?” என்றார். தாத்தா வாய் திறந்து சிரித்த படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. முகவெட்டு ஒன்றுதானே என்று உங்கள் கல்யாணப் படத்தைக் கொடுத்தேன். டாக்டர் ரொம்ப நேர்மையானவர். உங்கள் முன்பல் இடைவெளியைக்கூட விடவில்லை.

வந்தது வினை. பல்லை மாட்டியதும் ஒட்டிய கன்னம் உப்பியது, உதடு முன்னே வந்தது. தாத்தா சிரித்தார். நீங்கள் சிரித்தீர்கள். நீங்கள்தான் என்று நினைத்து அம்மா சட்டென்று எழுந்து, “வாங்க மாமா, எப்ப வந்தீங்க?” என்றாள். உங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத அப்பா, தட்டோடு சமையலறைக்குப் போய்விட்டார். இன்றுவரை அங்கேயேதான் சாப்பிடுகிறார். கீழ்ப்பல் நழுவி ஈறு புண்ணாயிற்று. டாக்டர் உறுத்திய இடத்தைத் தேய்த்துக் கொடுத்தார். அண்ணத்தைப் பல்செட்டின் தகடு மூடியதால் முதலில் எதிலும் ருசியில்லை. “முன்பல்லால கடிக்காதீங்க, சின்னத் துண்டா ரெண்டு பக்கமும் வெச்சு மெல்லுங்க” என்றார் டாக்டர். தாத்தா அப்படியே, கண்ணை மூடி, மெதுவாக மெல்லுவார். டக், டக். கொஞ்ச நாளில் நானும் அம்மாவும் அதே தாளத்துக்கு மெல்லுவதைக் கவனித்தேன். நேற்று வெள்ளரிக்காய்த் துண்டு நறுக்கென்று உடைந்தது. அவர் கண்ணில் தண்ணீர். “சத்தம் கேட்டியாடா?” என்றார். இன்னொரு தட்டு கேட்டார். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்போடு கேட்டது நீங்கள்.

பெரியம்மாவுக்கு வணக்கம். உங்கள் பல் நலமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தம்பி மகன்

பி.கு.: புதுப் பல்லோடு பேச்சுத் திருந்த, தாத்தாவை வாய்விட்டு வாசிக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கையில் கிடைத்தது இந்தக் கடிதம்தான். தாத்தா முழுவதும் வாசித்துவிட்டு, “அவனை ஏன்டா திட்டுற? பல்லு வெச்சுக்கப்பான்னு கெஞ்சினதே அவன்தான். நான்தான் மாட்டேன்னேன். எவனோ செத்தவன் பல்லைப் பிடுங்கி வெப்பாங்கன்னு நெனச்சேன்” என்றார். ஆகவே மேலே உள்ள வசவு எதுவும் உங்களுக்கு இல்லை. ஆனால் இது உங்கள் சிரிப்பு என்று தெரிந்ததிலிருந்து அவர் சாப்பிடவில்லை. பல்லைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “இந்தப் பல்லுக்காரன் உசுரோட இருக்கானா, கேளு” என்கிறார். போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். போன கடிதத்துக்கும் பதில் இல்லை. சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது. இருக்கிறீர்களா பெரியப்பா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்.