தூங்கியவள் பெயர் இல்லாத வெற்றிப் பதிவு

“‘பணிவுடன்’தான் முதல் வார்த்தையா வரணும்!”

“இல்லடா கால்வின், ‘நன்றியுடன்’ போடு. போன வருஷம் ஜெயிச்சவன் ‘பணிவுடன்’னு...”

“அவன் நடிச்சான்டா! நாம நிஜமாவே பணிவு!”

மனித குலம் பணிவுக்காக நடத்திய போர்களில் மிக உக்கிரமானது, திங்கள் காலை எட்டு மணிக்கு எங்கள் பல்கலைக்கழகப் பொறியியல் கட்டடத்தில், என் வரவேற்பு மேசைக்கு எதிரே உள்ள சோபாவில் நடந்தது. கனடாவில், ஒன்டாரியோவின் இந்தக் கட்டடத்தில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். இப்படி ஒரு தன்னடக்கத்தை நான் கண்டதில்லை.

தொடர்ந்து முப்பத்தாறு மணி நேரம் செயலி உருவாக்கும் ஹேக்கத்தான் போட்டியில் மூன்று மாணவர்கள் முதல் பரிசு வாங்கியிருந்தார்கள். எந்தப் பஸ் நிறுத்தத்தில் பனி அள்ளவில்லை என்று சொல்லும் செயலி. கால்வின் அணித் தலைவன். விளக்கப் படங்கள் செய்தவன். ரூபர்ட், சின்னம் வரைந்தவன்; நீலத்தில் பதினாறு வகை பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தவன். மூன்றாவது டிலேனி. அவள் செயலியை எழுதினாள். அவ்வளவுதான்.

எட்டரைக்கு வேலைவாய்ப்பு வலைத்தளத்தில் வெற்றிப் பதிவு போக வேண்டும். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் காபியோடு திரையைத் திறக்கும் நேரம் அது. பரிசளித்த நிறுவனத்தின் மிஸ் ஓல்சன் நேற்றே சொல்லியிருந்தார்: “உங்க பதிவைப் பார்த்துட்டுத்தான் கோடை வேலைக்கு யாரைக் கூப்பிடறதுன்னு முடிவு பண்ணுவேன்.” டிலேனி கோடை வேலைக்கு நாற்பத்தோரு விண்ணப்பம் போட்டவள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

“முதல் ரெண்டு வரிதான் வெளியில தெரியும், மிச்சம் ‘மேலும் காண்க’வுக்குள்ள போயிடும்” என்றான் ரூபர்ட். “அதனால வழிகாட்டி கார்ல்டன் பேரு முதல்லயே வரட்டும். அவரையும் இணைச்சுடு, அவரோட ஆளுங்க அத்தனை பேரும் பார்ப்பாங்க.”

“கார்ல்டன் என்ன பண்ணினார்?” என்று கேட்டாள் டிலேனி.

“சனிக்கிழமை வந்தாரே!”

“நாலு நிமிஷம். பீட்சா மிச்சம் இருக்கான்னு கேட்டார்.”

“‘எங்கள் பசியை எங்களுக்கு உணர்த்தியவர்’னு போடறேன்” என்று கண் கலங்கத் தட்டினான் கால்வின்.

அடுத்து ‘இரவெல்லாம் விழித்த தோழர்கள்’ என்ற புனிதமான பத்தி. கால்வின் முப்பத்து நான்கு மணி நேரம் விழித்தான். ரூபர்ட் முப்பத்து மூன்று. இருவரும் பரஸ்பரம் சரிபார்த்தார்கள்.

“என் பேரு எங்கே?”

கால்வின் தொண்டையைச் செருமினான். “டிலேனி, தப்பா நினைக்காதே. நீ... தூங்கினே.”

“நாலு மணி நேரம்!”

“நாலரை” என்றான் ரூபர்ட், சாட்சி சொல்பவனைப் போல.

“நான் தூங்கும்போது விடிகாலை அஞ்சு மணிக்கு நீங்க ரெண்டு பேரும் கை வெச்சு உள்நுழையற பக்கத்தையே உடைச்சு வெச்சீங்க! ஆறரைக்கு எழுந்து பழைய பதிப்புக்குத் திருப்பினது யாரு? ஹால்ல இணையம் போனாலும் வரைபடம் நிக்கட்டும்னு தரவை முன்கூட்டியே இறக்கி வெச்சது யாரு?”

“அதெல்லாம் வேலை, டிலேனி. இது தியாகம்” என்றான் கால்வின் மென்மையாக.

“அதோட இவ்வளவு விவரமா சொன்னா தற்பெருமை மாதிரி தெரியும்” என்றான் ரூபர்ட்.

“அப்ப ‘டிலேனி எழுதினாள்’னு ரெண்டே வார்த்தை?”

“ஒருத்தரைத் தனியாச் சொன்னா அணி உணர்வு போயிடும். நீ படத்துல இருக்கியே!” கால்வின் படத்தைக் காட்டினான். நடுவில் சிவந்த கண்களோடு இருவர். மேசைக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது புள்ளி போட்ட ஒரு காலுறை.

எட்டரை. அனுப்பினார்கள். எனக்கும் அதில் நன்றி உண்டு: ‘கதவைத் திறந்து வைத்த வரவேற்பாளருக்கு.’ அந்தக் கதவு தானாகத் திறக்கும்.

பத்து நிமிடத்தில் இருநூறு பாராட்டு. “எவ்வளவு எளிமை!” என்று கார்ல்டன் எழுதினார். இந்தத் தலைமுறை உருப்படும் என்று நானும் மனதார நம்பினேன்.

அப்போது கால்வினின் போன் அடித்தது. மிஸ் ஓல்சன். அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

“பதிவைப் பார்த்தேன், அருமை! பத்து மணிக்கு எங்க இஞ்சினியர்களோட வரேன். செயலியை ஓட்டிக் காட்டி, உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லுங்க. அங்கேயே ஆளை எடுத்துக்கறோம்.”

லைன் கட்டானது. இருவரும் ஒரே சமயத்தில் டிலேனியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மடிக்கணினியைப் பையில் போட்டாள். சோபாவில் கால் நீட்டிப் படுத்து, குளிர்ச்சட்டையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டாள். உள்ளிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

“ஏன்டா, தூங்கினவளைப் பார்க்கறீங்க? பத்து மணிக்கு உங்க ரெண்டு பேர்ல எந்தத் தியாகிடா ஓட்டிக் காட்டப் போறான்?”