அக்காவுக்கு நாலு வரியில் ஒரு வாழ்த்து

சினிமாப் பாட்டு மனப்பாடமாகத் தெரிந்தவர்களெல்லாம் பிறந்தநாள் வாழ்த்து எழுதக் கிளம்பிவிடக் கூடாது. நான் கிளம்பினேன்.

திருவிடந்தையில் இருக்கும் என் அக்கா என்னோடு பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. அவள் மகளுக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நான், பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். (டிராபிக் என்றேன். பக்கத்திலிருக்கும் கோவளத்திலிருந்து வருவதற்கு டிராபிக்காம்.)

அவள் பிறந்தநாளன்று ஒரே வாழ்த்தில் சமாதானம் செய்துவிட நினைத்தேன். அக்கா பாசத்துக்கென்று ஊரறிந்த ஒரு பாட்டு உண்டு. அதன் சரணம் நாலு வரியையும் அப்படியே எடுத்து, அக்காவின் படத்தைச் சுற்றிப் பூ, பக்கத்தில் ஒரு விளக்கு எல்லாம் வைத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. கவிஞரை விட நான் என்ன எழுதிவிடப் போகிறேன்?

பல்லவியில் அக்கா தம்பிக்குச் சோறு ஊட்டுவாள். சரணத்தில் தம்பி அவளுக்குக் கொள்ளி வைப்பான். இதை நான் மறந்துவிட்டேன், சொந்தக்காரர்கள் மறக்கவில்லை.

கூடுவாஞ்சேரி சித்தி அழுதுகொண்டே போன் செய்தாள். "எப்படா ஆச்சு? நேத்துகூட நல்லாத்தான பேசிகினு இருந்தா?" நான் விளக்கி முடிப்பதற்குள் பெரியப்பா ஒருவர் மாலையோடு அக்கா வீட்டில் போய் இறங்கிவிட்டார். கதவைத் திறந்ததே அக்காதானாம்.

உடனே அவளிடமிருந்து போன். "இன்னாடா, காது குத்துக்கு லேட்டு. கருமாதிக்கு மட்டும் முன்னாடியே வந்துட்ட?" வைத்துவிட்டாள்.

அக்கா வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போதுதான் புத்தி வந்தது. தெரிந்த வரியை எடுத்தால் அதன் காட்சியும் கூடவே வரும். நாலு வரி போட்டால் நடிகர்தான் தெரிவார், தம்பி தெரிய மாட்டான். அக்காவுக்கு அழகான வரி எதற்கு? எங்கள் இருவருக்கும் பழகிய வரி போதும்.

சின்ன வயதில் டிவியில் ஒரு காமெடி பார்த்துச் சிரிப்போம். கோபித்துக்கொண்ட மனைவியிடம் வாசலில் நின்று கணவன் ஒரு கேள்வி கேட்பான். பள்ளிக்கூடத்திலிருந்து தாமதமாக வரும்போதெல்லாம் நானும் அக்காவிடம் அதையே கேட்பேன். இப்போது அவள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று, படமில்லாமல், பூவில்லாமல், அவளுக்கு மட்டும் அனுப்பினேன்.

"உள்ள வரட்டுமா, இல்ல ஊருக்குப் போவட்டுமா? அன்னிக்குக் கொழந்தைய மடியில வெச்சுக்காதது என் தப்புதான்க்கா. பொறந்தநாள் வாழ்த்து."

அந்தக் காட்சியில் மனைவி சொல்லும் பதிலை நான் எழுதவில்லை. அதைச் சொல்வது சின்ன வயதிலிருந்தே அக்காவின் பங்கு. அதே பதில் வந்தது:

"கதவு தொறந்துதான் கீது. நீதான் வழிய மறிச்சிகினு நிக்கற."

எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே போனேன். மாலையைப் பக்கத்து வீட்டு ஆடு தின்றுகொண்டிருந்தது.

இன்றைக்கும் நான் யாருக்கு வாழ்த்துப் போட்டாலும், சித்தி முதலில் அவருக்குப் போன் செய்து, "நல்லாக் கீறியா?" என்று கேட்டுக்கொள்கிறாள். அக்கா என் பிறந்தநாள்தோறும் அதே சரணத்தை எனக்கு அனுப்புகிறாள். கீழே அவள் சொந்த வரி ஒன்று: "உசுரோடதான் கீறேன். சாப்ட வா, லேட் பண்ணாத."